லினக்ஸைப் பழகிப் பார்க்க டூயல் பூட்டா, வெர்ச்சுவல் மெஷினா?

லினக்ஸை முயன்று பார்க்கலாமா என்று யோசிப்பவர் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். வெர்ச்சுவல் மெஷின், அதாவது விண்டோஸுக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உருவாக்கி அதில் லினக்ஸை ஓட்டுவது, பாதுகாப்பானது, ஆனால் மெதுவாக ஓடும். டூயல் பூட், அதாவது விண்டோஸோடு லினக்ஸையும் அதே கணினியில் நிறுவி, இயக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, வேகமானது, ஆனால் ஆபத்து. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எது மெதுவாகிறது, எதனால் மெதுவாகிறது, ஆபத்து எதற்கு, எந்த நேரத்தில் என்பதெல்லாம் இதில் இல்லை. புதிதாக வருபவருக்குத் தேவைப்படுவது அதுதான்.

பேச வசதியாக ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, வாங்கும்போதே விண்டோஸ் 11 போட்டு வந்த லேப்டாப். அதில் வேலைக்கான கோப்புகளும் புகைப்படங்களும் இருக்கின்றன. அதை வைத்திருப்பவர் லினக்ஸ் வகைகளில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ ஓட்டிப் பார்க்க நினைக்கிறார்.

வெர்ச்சுவல் மெஷினில் என்ன நடக்கிறது

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது வெர்ச்சுவல் மெஷினை உருவாக்கித் தர விண்டோஸுக்குள் ஓடும் ஒரு புரோகிராம். அதற்குள் நாம் நிறுவும் லினக்ஸுக்கு ஒரு முழு ஹார்டு டிஸ்க் கிடைத்ததுபோல் தெரியும். உண்மையில் அது நம் டிஸ்கில் `.vdi` என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. நிறுவும்போது "Erase disk and install Ubuntu" என்ற வரி வந்தால் புதியவருக்குக் கை நடுங்கும். இங்கே தைரியமாகத் தேர்வு செய்யலாம், அழியப்போவது அந்தக் கோப்புக்குள் இருக்கும் காலியிடம்தான். இதே வரி டூயல் பூட்டில் வரும்போது கதை வேறு, அதற்கு அப்புறம் வருவோம்.

பாதுகாப்பு என்பதைவிட, தவறு செய்யும் சுதந்திரம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஓர் உதாரணம். அனுமதி மறுக்கப்பட்டது என்று எதையோ திறக்கவிடாமல் லினக்ஸ் தடுக்கிறது. எங்கோ படித்த கட்டளையை அப்படியே எடுத்து அடிக்கிறோம்:

```
sudo chmod -R 777 /etc
```

எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டித் தருவது `sudo`. அடுத்த முறை அதை அடித்ததும் வேலை செய்ய மறுக்கும். `/etc/sudoers` கோப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலையில் அந்தக் கோப்பை நம்பக்கூடாது என்பது அதன் விதி. அனுமதியைச் சரிசெய்யவும் `sudo` வேண்டும், அதுவோ ஓடாது. நேரடியாக நிறுவிய கணினியில் இதிலிருந்து மீள்வது புதியவருக்குப் பெரிய வேலை. வெர்ச்சுவல் மெஷினில் முதல் நாளே, அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் போதும். மெஷினை அணைத்து, அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் ஒரு நிமிடத்தில் பழைய நிலை. கட்டளைகளைப் பழகும் காலத்தில் இதற்கு இணையான வசதி டூயல் பூட்டில் இல்லை.

சரி, வேகம்? பலர் நினைப்பதுபோல் சிபியு இங்கே தடையில்லை. இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்கள் இரண்டிலும் இதற்கென்றே வன்பொருள் வசதி உண்டு. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அது இயக்கப்பட்டிருந்தால் கணக்குப் போடும் வேலைகள் நேரடி வேகத்துக்குப் பக்கத்திலேயே ஓடும். இடறுவது வேறு மூன்று இடங்களில்.

முதலாவது ரேம். நம் லேப்டாப்பில் விண்டோஸ் 11-உம் ஒரு பிரவுசரும் திறந்திருந்தாலே 8-இல் பாதி போய்விடும். மீதி 4 ஜிபியை உபுண்டுவுக்குக் கொடுத்தால் விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லை. அது ரேமில் உள்ளதை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாற்றி எழுத ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் திணறும். இதைப் பார்த்துவிட்டுத்தான் லினக்ஸ் மெதுவானது என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது ரேம் பற்றாக்குறை.

இரண்டாவது கிராஃபிக்ஸ். வெர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் லினக்ஸுக்கு நம் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப் நேரடியாகத் தெரியாது. முப்பரிமாண முடுக்கத்தை இயக்காமல் விட்டால் சாளரம் திறப்பது, மூடுவது, நகர்வது என எல்லா அசைவையும் சிபியுவே வரைய வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உபுண்டுவின் Settings-இல் System, அதில் About, அதில் System Details-ஐத் திறந்து Graphics என்ற வரியைப் பாருங்கள். அங்கே `llvmpipe` என்று இருந்தால் சிபியுதான் படம் வரைந்துகொண்டிருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் Display அமைப்பில் வீடியோ நினைவகத்தை 128 எம்பி வரை ஏற்றி, 3D Acceleration-ஐத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு தேறும். அதைவிட நல்ல வழி, அலங்காரம் குறைந்த டெஸ்க்டாப்பை எடுப்பது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உபுண்டுவின் நோம் டெஸ்க்டாப்பைவிட இந்தச் சூழலில் கண்கூடாக லேசாக ஓடும்.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் விடும் ஆமை. லினக்ஸ் ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழே வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் பச்சை நிறத்தில் ஓர் ஆமை தெரிந்தால், சிபியுவின் அந்த வன்பொருள் வசதியை விண்டோஸ் ஏற்கெனவே தன் கையில் எடுத்துக்கொண்டது என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸின் சொந்த வெர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, அதனால் வேகம் இறங்குகிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் Core isolation பக்கத்தில் உள்ள Memory integrity என்ற பாதுகாப்பு பெரும்பாலும் இயங்கிய நிலையிலேயே வருகிறது, ஆமை வர அதுவே போதும். அதை அணைத்தால் ஆமை போய்விடலாம், வேறு அம்சங்கள் ஹைப்பர்-வியைப் பிடித்து வைத்திருந்தால் போகாமலும் இருக்கலாம். லினக்ஸைச் சும்மா பார்த்து வருவதற்காக விண்டோஸின் பாதுகாப்பில் ஒன்றைக் கழற்ற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். மெதுவாக ஓடுகிறது என்பதற்குக் காரணம் தெரிந்திருந்தால் போதும்.

இந்த மூன்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு, அது வேகம் பற்றியதே இல்லை. வெர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் பார்ப்பது உங்கள் லேப்டாப்பை அல்ல. வைஃபை சிப் அதற்குத் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் போலியாகக் காட்டும் ஒரு கம்பி நெட்வொர்க் கார்டு மட்டும்தான் தெரியும், அதனால் இணையம் எப்போதும் வேலை செய்யும். டச்பேட், ஸ்பீக்கர், திரை வெளிச்சம், மூடியை மூடினால் தூங்குவது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, இவை எதைப் பற்றியும் அங்கே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் வெர்ச்சுவல் மெஷினில் சுகமாக ஓட்டியவர் நேரடியாக நிறுவிய அன்றே வைஃபை இல்லாமல் உட்காரலாம்.

டூயல் பூட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது

டூயல் பூட்டில் ரேம், சிபியு, கிராஃபிக்ஸ் எல்லாம் அந்த நேரத்தில் ஓடும் ஒரே சிஸ்டத்துக்கு. நம் 8 ஜிபி லேப்டாப்பில் உபுண்டு எப்படி ஓடும் என்பது அப்போதுதான் தெரியும். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபத்து என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, கோப்புகள் அழிந்துபோவது. இன்னொன்று, கணினி விண்டோஸுக்குள் போகாமல் நிற்பது. முதலாவது அரிது, ஆனால் திரும்பாது. இரண்டாவது அடிக்கடி நடக்கும், ஆனால் கோப்புகள் அப்படியே இருக்கும், சரிசெய்யவும் முடியும். கறுப்புத் திரையைப் பார்த்த பதற்றத்தில் எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்டி விண்டோஸை மறுபடி நிறுவி, அதனால் கோப்புகளை இழப்பவர்கள் உண்டு. அழித்தது லினக்ஸ் அல்ல, அந்த மறுநிறுவல்.

கோப்புகள் அழியக்கூடிய நேரம் என்பது நிறுவலின்போது டிஸ்கைப் பிரிக்கும் சில நிமிடங்கள். அதைப் பாதி விண்டோஸிலேயே முடித்துவிடலாம். Disk Management-ஐத் திறந்து C: டிரைவில் வலது கிளிக் செய்து Shrink Volume கொடுத்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பி கணக்கில் கேட்கும். 60 ஜிபி வேண்டுமென்றால் 61440. லினக்ஸைப் பழக அது தாராளம். பாதி டிஸ்க் காலியாக இருந்தும் மிகக் குறைவான இடத்தையே குறைக்க முடியும் என்று அது சொல்வதும் உண்டு. நகர்த்த முடியாத சிஸ்டம் கோப்பு ஒன்று டிஸ்கின் பின்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் ஹைபர்னேஷன் கோப்பு அல்லது பேஜ்ஃபைல். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ட்டில் இதை அடித்தால் ஹைபர்னேஷன் கோப்பு போய்விடும்:

```
powercfg /h off
```

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் இதனால் அணைந்துவிடும். அது இயங்கும்வரை, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறங்கும் நிலையில் டிஸ்கைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸிலிருந்து C: டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அது கோளாறில்லை, உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற லினக்ஸ் செய்வது. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் குறுக்குவழிகளைத் தேடிப் போகவேண்டாம்.

இடம் பிரித்த பிறகு நிறுவல் திரையில் "Install Ubuntu alongside Windows Boot Manager" என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த "Erase disk". இப்போது அது அழிப்பது நிஜமான டிஸ்கை. டூயல் பூட்டில் கோப்புகளை இழந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு திரையில்தான் இழந்திருப்பார்கள். alongside என்ற வரி வராமல் Erase மட்டும் வந்தால் மேலே போகாமல் நிறுத்திவிடுவதே நல்லது. விண்டோஸ் கண்ணில் படாததற்கோ இடம் கிடைக்காததற்கோ ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர்.

பிட்லாக்கர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், இன்றைய லேப்டாப்களில் உண்மையான வம்பு இங்கிருந்துதான் வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. கணினி வழக்கமான முறையில் தொடங்கினால் சிப் தானாகச் சாவியைக் கொடுக்கும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ, சில கணினிகளில், எந்தச் சிஸ்டத்துக்குள் போவது என்று கேட்கும் லினக்ஸின் க்ரப் மெனு வழியாக விண்டோஸைத் திறந்தாலோ, தொடங்கிய விதம் மாறிவிட்டது என்று சிப் நினைத்துச் சாவியைத் தர மறுக்கும். அப்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பழைய அமைப்புக்கே திருப்பியும் சிப் சாவியைத் தராமல், அந்த எண்ணும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்க வழியே இல்லை.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது, அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ட்டில் இவை இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது:

```
manage-bde -status C:
manage-bde -protectors -get C:
```

முதலாவது பூட்டு இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால், இரண்டாவது அந்த 48 இலக்க எண்ணைக் காட்டும். அதைத் தாளில் எழுதுங்கள், அல்லது வேறு கருவியில் சேமியுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துப் பயனில்லை. பூட்டு இருக்கும்வரை பல லினக்ஸ் நிறுவிகள் மேலே போகாமல், பிட்லாக்கரை அணைத்துவிட்டு வரச்சொல்லும். அணைத்தால் முழு டிஸ்கையும் விண்டோஸ் திருப்பி எழுத வேண்டும், நேரமாகும். சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

நிறுவி முடித்தபின் வரும் வழக்கமான அதிர்ச்சி, ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் காணாமல் போவது. கணினி நேராக விண்டோஸுக்குள் போகும், க்ரப் மெனுவே வராது. பழைய பயாஸ் காலத்தில் விண்டோஸ் உண்மையிலேயே லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை அழித்து எழுதிவிடும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்துவிட்ட இன்றைய கணினிகளில் இரண்டும் ஒரே சின்ன பார்ட்டிஷனில் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன, பெரும்பாலும் மாறியிருப்பது வரிசை மட்டுமே. கணினியை இயக்கும்போது பூட் மெனு விசையை அழுத்தி (எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) ubuntu என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போய்விடலாம். போனபின் `sudo efibootmgr` என்று அடித்தால் வரிசை தெரியும்:

```
BootOrder: 0000,0001
Boot0000* Windows Boot Manager
Boot0001* ubuntu
```

இங்கே விண்டோஸ் முந்தி நிற்கிறது. `sudo efibootmgr -o 0001,0000` என்று மாற்றினால் முடிந்தது.

இதைவிடக் கெட்டது ஒன்று 2024 ஆகஸ்டில் நடந்தது. அந்த மாத விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய பாதுகாப்பற்ற பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியலைப் புதுப்பித்தது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்றே அறிவித்திருந்தார்கள், ஆனால் பல இடங்களில் தொட்டுவிட்டது. லினக்ஸைத் திறக்கப் போனவர்களுக்கு "Verifying shim SBAT data failed: Security Policy Violation" என்ற வரி வந்து கணினி அணைந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது. செக்யூர் பூட்டை அணைத்தால் பிட்லாக்கர் என்ன கேட்கும் என்பதை மேலே பார்த்தோம். எண்ணை எழுதி வைத்தவருக்கு அது அரை மணி நேர வேலை. மற்றவர்களுக்குச் சிக்கல்தான்.

லினக்ஸ் வேண்டாம் என்று திரும்பும்போதும் ஒரு குழி உண்டு. விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் `grub>` என்ற வெற்று வரி வந்து நிற்கும். க்ரப் அந்தச் சின்ன பார்ட்டிஷனில் இன்னும் இருக்கிறது, அது தேடும் அமைப்புக் கோப்புதான் போய்விட்டது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட் மெனுவில் Windows Boot Manager-ஐத் தேர்வு செய்து, பயாஸில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். வெர்ச்சுவல் மெஷினை நீக்குவதற்கு இதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை, வலது கிளிக், Remove, அவ்வளவுதான்.

வசதி என்று பார்த்தால்

வெர்ச்சுவல் மெஷின் ஒரு சாளரம். பாடத்தை விண்டோஸில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸில் அடித்துப் பார்க்கலாம். டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு சின்னக் கோப்புக்காக மறுபடி இயக்க வேண்டும். திரும்பி விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தவறிக் காட்டும், ஏனென்றால் கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கிறது. லினக்ஸில் `timedatectl set-local-rtc 1` என்று ஒருமுறை கொடுத்தால் அது தீரும்.

தீராதது மனசு. வேலைக்கான எல்லாம் விண்டோஸில் இருக்கும்போது, கணினியை அணைத்து லினக்ஸுக்குப் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. முதல் வாரம் ஆர்வம் இருக்கும். அப்புறம் அந்த 60 ஜிபி சும்மா கிடக்கும். டூயல் பூட் போட்டுவிட்டுப் பழகாமல் விட்டவர்களில் பெரும்பாலோரை நிறுத்தியது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, இந்த மறுதொடக்கம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இடையில் ஒரு பென்டிரைவ்

இரண்டுக்கும் நடுவில் இருப்பது லைவ் யூஎஸ்பி. டூயல் பூட்டுக்காகத் தயாரிக்கும் அதே பென்டிரைவிலிருந்து, நிறுவாமல், Try என்பதை மட்டும் தேர்வு செய்து லினக்ஸை ஓட்டலாம். நாமாக நிறுவியைத் திறக்காதவரையும், விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்து எதையும் மாற்றாதவரையும் டிஸ்கில் ஒன்றும் எழுதப்படாது. பென்டிரைவ் மெதுவானது, ஆகவே வேகத்தை இதில் எடைபோடக்கூடாது. வெர்ச்சுவல் மெஷின் சொல்லாத அத்தனையையும் இது சொல்லும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் திரை மறுபடி வருகிறதா என்று பார்த்துவிட்டு, `lsblk -o NAME,SIZE,FSTYPE` என்று அடியுங்கள். பென்டிரைவுக்கான வரிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் லேப்டாப்பின் டிஸ்க் இப்படித் தெரியும்:

```
NAME          SIZE FSTYPE
nvme0n1     476.9G
├─nvme0n1p1   100M vfat
├─nvme0n1p2    16M
├─nvme0n1p3 475.9G BitLocker
└─nvme0n1p4   900M ntfs
```

512 ஜிபி என்று விற்றது 476.9 என்று தெரிவது கணக்கிடும் முறையால், டிஸ்கில் குறையில்லை. பார்க்க வேண்டியது `nvme0n1p3` என்ற வரியின் கடைசிச் சொல், டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. இதில் டிஸ்கே வரவில்லை, பென்டிரைவ் மட்டும் தெரிகிறது என்றால், டிஸ்கை நிர்வகிக்கும் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் மறைந்திருக்கலாம். பயாஸில் அதைச் சட்டென்று மாற்றிவிடாதீர்கள். முன்தயாரிப்பு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் `INACCESSIBLE_BOOT_DEVICE` என்று நின்றுவிடும். பழைய அமைப்புக்கே திருப்பினால் மீண்டும் ஓடும். இப்படிப்பட்ட லேப்டாப் வைத்திருப்பவர் முதல் முயற்சியிலேயே டூயல் பூட்டுக்குப் போகாமல் இருப்பது உத்தமம்.

16 ஜிபி ரேம் இருப்பவருக்கு என் தேர்வு வெர்ச்சுவல் மெஷின். லினக்ஸுக்கு 6 ஜிபி கொடுத்துவிட்டு, கட்டளைகள், மென்பொருள் நிறுவுவது, கோப்பு அனுமதிகள் எல்லாம் கைக்கு வரும்வரை அதிலேயே இருக்கலாம். புரோகிராமிங் பழகவும், சர்வர் வேலைகளைத் தெரிந்துகொள்ளவும் மட்டும் லினக்ஸ் வேண்டும் என்பவர் டூயல் பூட்டுக்குப் போகவே தேவையில்லாமல் இருக்கலாம்.

நம் 8 ஜிபி லேப்டாப்காரருக்குப் பதில் வேறு. டெர்மினலைப் பழகுவதுதான் நோக்கம் என்றால் 3 ஜிபி ஒதுக்கி எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாம், பிரவுசரை விண்டோஸ் பக்கமே வைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலைக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்று பார்ப்பது நோக்கம் என்றால் வெர்ச்சுவல் மெஷின் அவருக்குத் தவறான படத்தைக் காட்டும். அவர் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்து, 48 இலக்க எண்ணை எழுதிக்கொண்டு, லைவ் யூஎஸ்பியில் ஒரு மாலைப்பொழுது ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக டூயல் பூட்டுக்குப் போகலாம். நகலெடுக்க வெளி டிஸ்க் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை Shrink Volume-ஐத் திறக்காமல் இருக்கட்டும்.